லிஃப்ட் ஒப்பந்தம் முடியப்போகிறது: நினைவூட்டும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் செயலாளர்கள் பலருக்கு மார்ச் கடைசி வாரத்தில் லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வரும். "தங்கள் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. சேவை தொடரக் கீழ்க்கண்ட தொகையைச் செலுத்தவும்" என்று இரண்டே வரி இருக்கும். கீழே போட்டிருக்கும் தொகை போன ஆண்டைவிடச் சில ஆயிரம் கூடியிருக்கும். ஏன் கூடியது, குறைவான செலவில் வேறு ஏற்பாடு உண்டா, போன ஆண்டு கட்டிய பணத்துக்கு என்ன வேலை நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. கமிட்டியைக் கூட்டிப் பேச நாளும் இருக்காது. நான்காவது மாடியில் முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் இருக்கிறார், லிஃப்ட் நிற்கக் கூடாது. செயலாளர் காசோலையில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கம்பெனிக்கு அந்த ஆண்டுப் பணம் வந்துவிட்டது. ஆனால் ஜூன் மாதப் பொதுக்குழுவில் "யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று குடியிருப்போர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் செயலாளர்தான். மறு ஆண்டு அவர் வேறு கம்பெனிகளிடம் விலை கேட்கத் தொடங்கியிருப்பார்.

ஒப்பந்தம் முடியப்போவதை நினைவூட்டுவது சேவைக் கம்பெனிகளுக்கு ஆண்டுதோறும் வரும் வேலை. ஏ.சி., ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் என எல்லாவற்றுக்கும் இது உண்டு. லிஃப்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதில் கம்பெனிக்குத் தெரிவதும் வாடிக்கையாளருக்குத் தெரிவதும் மிகவும் வேறுபடுகின்றன. மாதாமாதம் மேலே மெஷின் அறைக்கும் கீழே குழிக்கும் போய் வருபவர் கம்பெனியின் டெக்னீஷியன். எது தேய்ந்திருக்கிறது, எது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். குடியிருப்போருக்குத் தெரிவதெல்லாம் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கிறது என்பதுதான். நல்ல நினைவூட்டல் கடிதம் இந்த இடைவெளியைக் குறைக்கும். கம்பெனிக்குத் தெரிந்ததை வாடிக்கையாளரும் தெரிந்துகொண்டு, அவகாசத்தோடு முடிவெடுக்க அது உதவும்.

எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

மார்ச் 31-இல் ஒப்பந்தம் முடிகிறது என்றால் பலரும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். உண்மையில் எண்ண வேண்டியது வேறொரு தேதியிலிருந்து. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு விதி இருக்கக்கூடும்: "முடிவு நாளுக்கு 30 நாள் முன்னதாக எழுத்து மூலம் மறுக்காவிட்டால், ஒப்பந்தம் அடுத்த ஆண்டுக்கும் தானாக நீடிக்கும்." இந்த விதி இருந்தால் வாடிக்கையாளர் முடிவெடுக்க வேண்டிய கடைசி நாள் மார்ச் 1. அதற்குப் பிறகு நினைவூட்டுவது பெயரளவுக்குத்தான். வாடிக்கையாளரை அந்த விதிக்குள் மாட்டிவிட்டது போலவும் ஆகிவிடும்.

மார்ச் 1-க்குள் ஒரு குடியிருப்புச் சங்கம் முடிவெடுக்க என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். கடிதம் கமிட்டிக்குப் போக வேண்டும். கமிட்டி மாதம் ஒரு முறைதான் கூடும், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் கூட்டத்தில் கேள்விகள் கிளம்பும். பொருளாளர் இருப்பைப் பார்த்துச் சொல்வார். யாராவது ஒருவர் இன்னொரு கம்பெனியிடம் விலை வாங்கி வருகிறேன் என்பார். இரண்டாவது கூட்டத்தில்தான் முடிவு வரும். ஆக இரண்டு கமிட்டிக் கூட்டங்களுக்கு இடம் விட்டுக் கடிதம் போக வேண்டும். மார்ச் 31-இல் முடியும் ஒப்பந்தத்துக்கு ஜனவரி 10 வாக்கில் கடிதம் போனால் கையில் 80 நாள் இருக்கும். அது தாராளமான அவகாசம் இல்லை, தேவையான அவகாசம்.

கடிதம் யாருக்குப் போகிறது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சங்க நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒரு முறை மாறுவார்கள். கம்பெனியின் பதிவேட்டில் இருப்பதோ மூன்று ஆண்டுக்கு முந்தைய செயலாளரின் சொந்த மின்னஞ்சல். அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெங்களூருவில் இருப்பார். கம்பெனி கடிதம் அனுப்பியதற்குச் சான்று இருக்கும், சங்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டிசம்பர் மாதச் சர்வீசுக்குப் போகும் டெக்னீஷியனிடமே சொல்லி, இப்போது செயலாளர் யார், பொருளாளர் யார், எந்த எண், எந்த முகவரி என்று கேட்டு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடிதத்தைச் சங்கத்தின் பெயருக்கு எழுதி, ஒரு பிரதியை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, இன்னொன்றை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புவது நல்லது.

முதலில் போன ஆண்டின் கணக்கு

புதிய விலையை எழுதுவதற்கு முன் பழைய ஆண்டின் கணக்கை எழுத வேண்டும். இதற்கு வேண்டியதெல்லாம் லிஃப்டின் லாக் புக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சர்வீசுக்கும் ஒவ்வொரு பிரேக்டவுனுக்கும் தேதி, நேரம், என்ன பழுது, என்ன செய்தார்கள் என்று டெக்னீஷியன் எழுதிக் குடியிருப்புத் தரப்பில் கையெழுத்து வாங்கியிருப்பார். அதை உட்கார்ந்து படித்தால் லிஃப்டின் நிலை புரியும்.

மடிப்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடியும் 20 வீடும் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் ஏறும் லிஃப்ட், வயது 12 ஆண்டு. இது விளக்கத்துக்காக நான் வகுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு; இதில் வரும் தொகைகளும் அப்படியே. லாக் புக்கில் 12 மாதச் சர்வீசில் 11 நடந்திருக்கிறது. ஒரு மாதம் விட்டுப்போயிருக்கிறது. பிரேக்டவுன் என்று ஒன்பது முறை அழைத்திருக்கிறார்கள். அவற்றில் ஐந்து, கதவு மூடாமல் திரும்பத் திரும்பத் திறந்துகொண்ட புகார். ஐந்தாவது முறைதான் கதவு சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். அதன்பின் அந்தப் புகார் இல்லை. மின்சாரம் போனால் லிஃப்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி. கருவிக்கு பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். அக்டோபரிலும் டிசம்பரிலும் ஒரே குறிப்பு வருகிறது: "ரோப் தேய்மானம், கண்காணிக்கவும்."

கடைசிக் குறிப்புதான் இங்கே முக்கியம். லிஃப்ட் பெட்டியைத் தாங்கும் இரும்புக் கயிறுகள் திடீரென்று கெடுவதில்லை. மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து வெளியே துருத்தும். கயிற்றின் கனம் குறையும். இழைகளுக்கு நடுவிலிருந்து செந்நிறத் துருப்பொடி வரும். அனுபவமுள்ள டெக்னீஷியன் இவற்றைப் பார்த்து இந்த ஆண்டு மாற்ற வேண்டும் என்றோ, அடுத்த ஆண்டு வரை போகும் என்றோ ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவார். அவர் சொன்னதைக் கம்பெனி கடிதத்தில் எழுதுகிறதா இல்லையா என்பதில்தான் நேர்மை இருக்கிறது. எந்த வகை ஒப்பந்தத்தை எடுப்பது என்ற முடிவு பெருமளவுக்கு அந்த ஒரு தகவலைப் பொறுத்தது.

வழிகள் மூன்று

லிஃப்ட் பராமரிப்பில் வழக்கமாகப் பேசப்படும் ஒப்பந்தங்கள் மூன்று. காம்ப்ரஹென்சிவ் எடுத்தால் மாதச் சர்வீஸ், பழுதுக்கு வருவது, மாற்ற வேண்டிய உதிரிபாகங்கள் எல்லாம் ஒரே தொகைக்குள் வந்துவிடும். நான்-காம்ப்ரஹென்சிவ் எடுத்தால் ஆள்கூலியும் எண்ணெய், கிரீஸ் போன்றவையும் மட்டும் சேர்ந்தவை. பாகம் எது மாற்றினாலும் தனி பில். இரண்டுக்கும் நடுவில் செமி என்று ஒன்று. பொத்தான், விளக்கு, காண்டாக்டர், கதவு உருளை போன்ற சிறு பாகங்கள் உள்ளே வரும். மோட்டார், ரோப், கன்ட்ரோலர், டிரைவ் போன்ற பெரியவை வராது. செமியில் எது உள்ளே எது வெளியே என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரைப் பார்த்து ஒப்பிட முடியாது, பட்டியலைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

நம் மடிப்பாக்கம் குடியிருப்பு நடப்பாண்டில் காம்ப்ரஹென்சிவுக்கு 60,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 70,800 ரூபாய் கட்டியது. வரும் ஆண்டுக்குக் கம்பெனி 66,000 கேட்கிறது. வரியோடு 77,880. நான்-காம்ப்ரஹென்சிவ் என்றால் 30,000, வரியோடு 35,400. சிறிய சங்கங்கள் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பதில்லை. ஆகவே கட்டிய வரி எந்த வகையிலும் திரும்ப வராது. வரி சேர்த்த தொகையைத்தான் செலவாக எண்ண வேண்டும். கடிதத்திலும் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். "வரி தனி" என்று கடைசி வரியில் எழுதிவைப்பது கமிட்டியில் வீண் சச்சரவுக்கு வழி செய்யும்.

இரண்டுக்கும் வித்தியாசம் 42,480 ரூபாய். ஒரு வீட்டுக்கு மாதம் 177 ரூபாய். கமிட்டியில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பாதிக் காசில் முடியும்போது எதற்கு இவ்வளவு?" இதற்கு விடை அந்த லாக் புக்கில் இருக்கிறது.

போன ஆண்டு மாற்றிய சென்சார், பேட்டரி, சில்லறைப் பாகங்கள் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் 21,000 ரூபாய் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வரும் ஆண்டும் அதே அளவு பாகச் செலவு என்றால் நான்-காம்ப்ரஹென்சிவில் மொத்தம் 56,400. காம்ப்ரஹென்சிவைவிட 21,480 ரூபாய் மிச்சம். ஆனால் ரோப் மாற்ற வேண்டியிருந்தால்? கயிறு, கூலி, வரி எல்லாம் சேர்த்து 55,000 என்று கொண்டால், சில்லறைப் பாகங்கள் இல்லாமலேயே மொத்தம் 90,400 ஆகிவிடும். காம்ப்ரஹென்சிவ் எடுத்தவர்கள் 77,880-இல் முடித்திருப்பார்கள். அதாவது ரோப் மாற்றும் ஆண்டில் காம்ப்ரஹென்சிவ் லாபம், மாற்றாத ஆண்டில் நான்-காம்ப்ரஹென்சிவ் லாபம். எந்த ஆண்டு என்பது கம்பெனிக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் சில கம்பெனிகள் வழுக்குகின்றன. பல ஆண்டுகளாகக் காம்ப்ரஹென்சிவ் பணம் வாங்கியிருப்பார்கள். ரோப் மாற்ற வேண்டிய காலம் நெருங்கும்போது "லிஃப்டுக்கு வயதாகிவிட்டது, இனி செமி மட்டும்தான் தர முடியும்" என்று கடிதம் வரும். அல்லது காம்ப்ரஹென்சிவ் தாளிலேயே விலக்குப் பட்டியலில் "ரோப்" என்ற சொல் புதிதாகச் சேர்ந்திருக்கும். குடியிருப்போர் இத்தனை ஆண்டு முன்பணமாகக் கட்டி வந்த செலவு கடைசியில் அவர்கள் தலையிலேயே விழுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. போன ஆண்டு ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலையும் இந்த ஆண்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்தால் போதும். நேர்மையான கம்பெனி அந்த வேலையை வாடிக்கையாளருக்கு விட்டுவைக்காது. விதியில் எது மாறியிருக்கிறது என்று கடிதத்திலேயே சொல்லிவிடும்.

விலக்குப் பட்டியலில் தண்ணீர்

எந்த வகை ஒப்பந்தத்திலும் வெளியே நிற்கும் சேதங்கள் உண்டு. மின்னழுத்த ஏற்ற இறக்கம், இடி, தீ, தவறான பயன்பாடு, தண்ணீர். சென்னைக் குடியிருப்புகளுக்குக் கடைசிச் சொல்தான் பெரிய செலவு வைப்பது. லிஃப்ட் பாதையின் அடியில் ஒரு குழி இருக்கும். பெட்டி கீழே இறங்கினால் தாங்கும் பஃபர், கவர்னர் கயிற்றை இறுக்கமாக வைக்கும் கப்பி, கடைசி எல்லை ஸ்விட்ச் ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்வான பகுதிகளில் தரைத்தளமே மூழ்கியபோது இந்தக் குழிகளும் நிரம்பின. காம்ப்ரஹென்சிவ் எடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருக்கும் ஒரு சங்கத்துக்கு வெள்ளத்துக்குப் பிறகுதான் தண்ணீர்ச் சேதம் அதில் சேராது என்பது தெரியவந்தால், கம்பெனி மேல் கோபம் வருவது இயல்பு. தண்ணீர் வந்தால் லிஃப்டை மேல் தளத்தில் நிறுத்தி மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும், குழித் தண்ணீரை வெளியேற்றும் பொறுப்பும் அதன் சேதமும் சங்கத்தைச் சேர்ந்தவை என்று புதுப்பிக்கும் கடிதத்திலேயே இரண்டு வரி எழுதிவிட்டால் அந்தக் கோபத்துக்கு இடமில்லை. அதைப் படித்த ஒரு சங்கம் மழைக்கு முன்பே குழியின் சுவருக்கு நீர்க்கசிவுத் தடுப்பு செய்துகொள்ளவும் கூடும்.

கடிதம் எப்படி இருக்கும்?

மேலே சொன்னதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதலாம். நம் எடுத்துக்காட்டுக் குடியிருப்புக்கு அது இப்படி அமையும்:

> ஜனவரி 10
>
> குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> தங்கள் லிஃப்டின் காம்ப்ரஹென்சிவ் பராமரிப்பு ஒப்பந்தம் வரும் மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. ஒப்பந்தத்தின்படி, தொடர விருப்பமில்லை என்றால் மார்ச் 1-க்குள் எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கமிட்டியில் பேசி முடிவெடுக்க வசதியாக இப்போதே எழுதுகிறோம்.
>
> கடந்த 12 மாதத்தில் 11 மாதச் சர்வீஸ் நடந்துள்ளது. ஜூலை மாதச் சர்வீஸ் எங்கள் தரப்பில் விட்டுப்போனது. அதற்குரிய தொகையைப் புதிய ஆண்டில் கழித்துத் தருகிறோம், புதுப்பிக்காவிட்டால் திருப்பித் தருகிறோம். ஒன்பது பிரேக்டவுன் அழைப்புகளில் ஐந்து கதவு சென்சார் தொடர்பானவை. சென்சார் மாற்றிய பின் அந்தப் பழுது வரவில்லை. ஏ.ஆர்.டி. பேட்டரியும் மாற்றப்பட்டது.
>
> அடுத்த 12 மாதத்துக்குள் ரோப் மாற்ற வேண்டியிருக்கும் என்பது எங்கள் டெக்னீஷியனின் கணிப்பு. தேய்மானம் தெரியும் புகைப்படங்களை இணைத்துள்ளோம். விரும்பினால் வேறு எவரையும் அழைத்தும் பார்த்துக்கொள்ளலாம்.
>
> வழி 1: காம்ப்ரஹென்சிவ், வரியோடு 77,880 ரூபாய். ரோப் மாற்றுவதும் இதில் சேர்ந்தது. போன ஆண்டைவிட 7,080 ரூபாய் கூடியதற்கு அதுவே காரணம்.
>
> வழி 2: செமி, வரியோடு 51,920 ரூபாய். உள்ளே வரும் பாகங்களின் பட்டியல் இணைப்பில். ரோப் இதில் சேராது. மாற்றும்போது சுமார் 55,000 ரூபாய் தனி.
>
> வழி 3: நான்-காம்ப்ரஹென்சிவ், வரியோடு 35,400 ரூபாய். எல்லாப் பாகங்களும் தனி பில். ரோப் செலவு மேலே சொன்னதே.
>
> மூன்றிலும் மழைநீர், மின்னழுத்தம், இடி ஆகியவற்றால் வரும் சேதம் சேராது. போன ஆண்டின் விதிகளில் வேறு மாற்றம் எதுவும் இல்லை.
>
> தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தால், மார்ச் 31 வரை வழக்கமான சேவை நடக்கும். அன்று சாவி, வயரிங் வரைபடம், லாக் புக் ஆகியவற்றை ஒப்படைப்போம்.
>
> பிப்ரவரி மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து விளக்க எங்கள் ஆள் தயார். தேதியைச் சொன்னால் போதும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் பொருளாளர் தானே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ள முடியும். ரோப் மாற்றியாக வேண்டும் என்பது உறுதியானால் வழி 2-இன் உண்மைச் செலவு 1,06,920, வழி 3-இன் உண்மைச் செலவு 90,400. மூன்றில் குறைந்தது முதல் வழி. ரோப் இன்னும் ஓராண்டு தாங்கும் என்று இன்னொருவர் பார்த்துச் சொன்னால் கணக்கு மாறும். எதுவானாலும் முடிவு சங்கத்தின் கையில்.

விட்டுப்போன சர்வீசைக் கம்பெனி தானாக ஒப்புக்கொள்வது தேவையா என்று சேல்ஸ்காரர்கள் கேட்பார்கள். அதே லாக் புக் குடியிருப்பிலும் இருக்கிறது. கமிட்டியில் யாராவது எண்ணிப் பார்த்துச் சொல்லும்போது பதில் தேடுவதைவிட, நாமே எழுதித் தொகையையும் கழித்துவிடுவது மேல். ரோப் பற்றிய வரியையும் அதன்பிறகு நம்பிப் படிப்பார்கள்.

போனில் ஒரு முறை

கடிதம் அனுப்பி மூன்று வாரம் கழித்து ஒரு போன் போதும். தினம் ஒரு மெசேஜ் அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். அந்தப் போனில் முதலில் கேட்க வேண்டியது "எப்போது பணம் வரும்" என்பதல்ல. பேச்சு இப்படிப் போகலாம்:

"வணக்கம் சார். லிஃப்ட் ஒப்பந்தம் பத்தி பத்தாம் தேதி லெட்டர் கொடுத்திருந்தோம். கமிட்டில வச்சீங்களா சார்?"

"வச்சோம்மா. லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு ஏழாயிரம் கூடக் கேக்கறாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க."

"நியாயமான கேள்விதான் சார். ரோப் மாத்தறதுக்காகத்தான் அந்தத் தொகை. போட்டோ பாத்தீங்களா? நேர்ல பாக்கணும்னா, வர்ற சர்வீஸ் அன்னிக்கு மெஷின் ரூம்ல டெக்னீஷியனே காட்டுவார். யாராவது ரெண்டு பேர் வந்து பாக்கட்டும் சார்."

"சரி, இன்னொரு கம்பெனி நாப்பத்தஞ்சாயிரம் சொல்றாங்களே?"

"கேளுங்க சார், தப்பே இல்ல. அதுல ரோப் சேருமா, வரி சேருமா, ராத்திரி கூப்பிட்டா வருவாங்களான்னு மூணையும் எழுதி வாங்கிக்கோங்க. உங்க லிஃப்ட் கன்ட்ரோலரை அவங்க ஏற்கெனவே பாத்திருக்காங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

கடைசியில் அந்தப் பெண் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. சில லிஃப்டுகளின் கன்ட்ரோலருக்குள் போய்ப் பழுதைப் படிக்க, தயாரித்த கம்பெனியின் கருவியோ பாஸ்வேர்டோ வேண்டும். அது இல்லாத வெளி ஆட்கள் எளிய பழுதுகளைச் சரிசெய்துவிடுவார்கள். பலகை கெட்டால் திணறுவார்கள். வேறு சில கன்ட்ரோலர்களைச் சந்தையில் பலரும் கையாளுகிறார்கள். அப்படிப்பட்ட லிஃப்டுக்கு நல்ல உள்ளூர் கம்பெனி குறைந்த விலையில் அதே தரத்தில் வேலை செய்யும். எனவே கம்பெனியை மாற்றலாமா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் மெஷின் அறையில் இருக்கும் கன்ட்ரோலர் எது என்பதில்தான் விடை இருக்கிறது.

பதிலே வராவிட்டால்

சில சங்கங்களிடமிருந்து பதிலே வராது. மார்ச் 15 வாக்கில் கம்பெனி இன்னொரு கடிதம் அனுப்ப வேண்டும். இது சிறியது: ஒப்பந்தம் எந்த நாள் முடிகிறது, அதன்பின் எது நின்றுபோகும், எது நிற்காது. ஏப்ரல் 1 முதல் மாதச் சர்வீசுக்கு ஆள் வர மாட்டார். பழுதுக்கு அழைத்தால் வருகைக் கட்டணம் உண்டு. ஆனால் லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் வருவார். கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியை எழுதத் தயங்கும் கம்பெனியோடு ஒப்பந்தம் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஒப்பந்தம் இல்லாமலே பழக்கத்துக்காகச் சர்வீஸ் செய்துகொண்டிருப்பதும் தவறு. ஏப்ரலில் ஒரு விபத்து நடந்தால் பராமரிப்பு யார் பொறுப்பில் இருந்தது என்பதற்கு இரு தரப்பிலும் எழுத்து இருக்காது. தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென்று 1997-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. மின் ஆய்வுத் துறையின் உரிமம் பெற்றுத்தான் லிஃப்டை இயக்க வேண்டும், நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு. ஒப்பந்தம் விட்டுப்போன மாதங்களில் அந்தக் கடமையைச் செய்ய ஆள் இல்லாத நிலைதான் இருக்கும். சில மாத இடைவெளிக்குப் பிறகு சங்கம் திரும்பி வந்தால், கம்பெனி லிஃப்டை முழுதாகச் சோதித்து, கெட்டிருப்பதைச் சரிசெய்யும் செலவைத் தனியாகக் கேட்ட பிறகே புது ஒப்பந்தம் போடும். இதையும் மார்ச் 15 கடிதத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓரிரு மாதப் பணம் மிச்சம் என்று நினைத்தவர்களுக்கு அப்போதுதான் முழுக் கணக்கு தெரியும்.

வாடிக்கையாளர் தரப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடியும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே, கம்பெனியிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்கலாம்: இந்த ஆண்டு எத்தனை சர்வீஸ், எத்தனை பழுது; அடுத்த ஆண்டு எந்தப் பெரிய பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும்; அது எந்த ஒப்பந்தத்தில் உள்ளே வரும், எதில் வெளியே நிற்கும்; போன ஆண்டு விதிகளில் எது மாறுகிறது. நான்குக்கும் ஒரு வாரத்தில் தெளிவாகப் பதில் வந்தால் அந்தக் கம்பெனியோடு விலை பேசலாம். "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் சார், கையெழுத்துப் போடுங்கள்" என்று மட்டும் பதில் வந்தால், கையில் இருக்கும் மூன்று மாதத்தை வேறு இரண்டு கம்பெனிகளிடம் அதே நான்கு கேள்வியைக் கேட்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.